சேர்த்த வண்டிக்கு எவ்வளவு இழுப்பு? தெருப் படத்தில் மோஷன் பிளர் பற்றிய ஓர் ஆய்வு

பெங்களூரு எம்.ஜி. ரோட்டில் மாலை வெளிச்சம் குறையும் நேரத்தில் எடுத்த படம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். ஓரமாக மெட்ரோ பாலம், எதிரே கடைவரிசை, நடைபாதையில் இரண்டு மூன்று பேர். சாலை மட்டும் காலியாக இருக்கிறது. கட்டட நிறுவனங்களுக்கும் விளம்பரங்களுக்கும் எடுக்கும் இத்தகைய படங்களில், அந்தக் காலியிடத்தை நிரப்ப வேறொரு நாளில் எடுத்த ஆட்டோவையோ பேருந்தையோ வெட்டி ஒட்டுவது நெடுநாள் வழக்கம். நிறுத்தி வைத்த வண்டியாக ஒட்டினால் வேலை பெரும்பாலும் நிழலோடு முடிந்துவிடும். ஓடும் வண்டியாக ஒட்ட வேண்டுமென்றால் அதற்கு இழுப்பு வேண்டும். போட்டோகிராபர்கள் மோஷன் பிளர் என்று சொல்லும் அந்த இழுப்பு எவ்வளவு, எந்தத் திசையில், எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இதற்கு வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பதில்கள் வந்திருக்கின்றன. இழுப்பை வேகத்தின் அடையாளமாகப் பார்த்தவர்கள் உண்டு. மென்பொருளின் ஒரு வடிகட்டியாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. ஷட்டர் திறந்திருந்த நேரத்தின் பதிவாகக் கணக்கிட்டவர்கள் உண்டு. கணக்கே வேண்டாம், அதே இடத்தில் போய் எடுங்கள் என்றவர்களும் உண்டு. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தடுக்கி விழுகிறது என்பதைப் பார்க்கலாம்.

## வேகத்தின் அடையாளமாக

தொடக்ககாலப் புகைப்படத்துக்கு ஓடும் வண்டி என்று ஒன்று இருக்கவே இல்லை. 1838-இல் டகேர் பாரிஸின் பூலவார் து தாம்ப்ல் தெருவை எடுத்தபோது, தகடு ஒளிபட்ட நேரம் நிமிடக்கணக்கில் நீண்டது. தெருவில் போய்க்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் மறைந்து, காலணிக்கு மெருகேற்ற அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். ஷட்டர் வேகம் கூடிய பிறகுதான் வண்டி படத்துக்குள் வந்தது. வரும்போதே கோணலாகவும் வந்தது. 1910-களில் லார்த்தீக் எடுத்த புகழ்பெற்ற பந்தயக் கார் படத்தில் சக்கரம் நீள்வட்டமாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். ஓரத்தில் நிற்கும் பார்வையாளர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். கேமராவின் திரை ஷட்டர் படத்தை ஒரே நொடியில் பதியாமல் பட்டைபட்டையாகப் பதிந்ததும், அவர் கேமராவைக் காரோடு சேர்த்துத் திருப்பியதுமே காரணம்.

கேலிச்சித்திரக்காரர்கள் இந்தச் சாய்வை எடுத்துக்கொண்டு, பின்னால் நீளும் கோடுகளையும் சேர்த்தார்கள். வண்டியின் முன்பக்கம் துல்லியமாக இருக்கும், பின்பக்கம் வால் போல நீளும். இன்றும் பலர் ஒட்டிய வண்டிக்கு இழுப்புத் தரும்போது கைகள் தாமாக இந்த வடிவத்துக்குத்தான் போகின்றன.

இந்த நிலைப்பாட்டின் குறை எளிதில் சொல்லக்கூடியது. கேமராவுக்கு முன், பின் தெரியாது. ஷட்டர் திறந்த கணத்தில் வண்டி இருந்த இடத்துக்கும் மூடிய கணத்தில் இருந்த இடத்துக்கும் அது ஒரே மதிப்புத் தருகிறது. ஆகவே உண்மையான படத்தில் முன் பம்பரும் பின் பம்பரும் ஒரே அளவு இழுபட்டிருக்கும். முன்பக்கம் கூர்மையாகவும் பின்னால் வாலுமாக வருவது, ஷட்டர் மூடும் தருணத்தில் பிளாஷ் அடித்தால் மட்டுமே. எம்.ஜி. ரோட்டின் எதிர்ப்பக்கம் வரை எட்டும் பிளாஷை யாரும் தெருவில் கொண்டுபோவதில்லை. வால் வைத்த வண்டி வேகமாக ஓடுவது போலத் தோன்றலாம்; அந்தத் தெருவில் ஓடுவது போலத் தோன்றாது.

## ஒரு வடிகட்டியாக

அடுத்த பதில் மென்பொருளிலிருந்து வந்தது. போட்டோஷாப்பின் `Motion Blur` இரண்டே எண்களைக் கேட்கிறது: கோணம், தூரம். வண்டி இருக்கும் அடுக்கைத் தேர்ந்து, கோணத்தைச் சாலைக்கு இணையாக வைத்து, தூரத்தைக் கண்ணுக்குப் பிடித்த மாதிரி கூட்டினால் போதும். 2014-இல் வந்த `Path Blur`, `Spin Blur` ஆகியவை வளைந்த பாதைக்கும் சக்கரத்துக்கும் வழி செய்தன.

இந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. பக்கவாட்டில், கேமராவுக்கு இணையாக, சீரான வேகத்தில் போகும் வண்டிக்கு நேர்கோட்டு இழுப்பு கணிதப்படியும் சரியானதே. கௌசியன் மங்கலிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் ஓர் அடையாளம் உண்டு: ஓடும் திசைக்கு இணையான விளிம்புகள் கூர்மையாகவே நிற்கும். பேருந்தின் கூரைக்கோடும் ஜன்னல்களுக்குக் கீழே ஓடும் பட்டையும் தெளிவாக இருக்கும். ஜன்னல் கம்பிகளும் கதவோரங்களும் கரைந்திருக்கும். பேருந்தின் பக்கத்தில் எழுதிய கன்னட எழுத்துகளில் நிமிர்ந்த கோடுகள் போய்விடும், கிடைக்கோடுகள் மட்டும் சாயல்களாக எஞ்சும். கூரைக்கோடும் சேர்ந்து பஞ்சு போலாகிவிட்டால், இழுப்புக்குப் பதில் ஃபோகஸ் தவறிய மங்கலைத் தந்துவிட்டார்கள் என்று பொருள்.

சிக்கல், அந்த இரண்டாவது எண்ணில். தூரத்தைக் கண்ணால் முடிவு செய்பவர்கள் ஏறக்குறைய எப்போதும் கூட்டியே வைக்கிறார்கள். இன்னொரு சிக்கல் கோணம் மாறும்போது வருகிறது. நேராக நம்மை நோக்கி வரும் பேருந்துக்கு இழுப்பு பக்கவாட்டில் போகாது. சாலையின் மறைபுள்ளியிலிருந்து வெளிநோக்கி விரியும். அதுவும் மிகச் சிறிதாக. 20 மீட்டர் தள்ளி, மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து, 1/30 விநாடியில் நம்மை நோக்கி 18.5 செ.மீ. நகர்கிறது. படத்தில் அதன் அளவு நூற்றில் ஒரு பங்குகூடக் கூடுவதில்லை. மறைபுள்ளியிலிருந்து 500 பிக்சல் தள்ளியிருக்கும் விளிம்பு நான்கைந்து பிக்சல்தான் நகரும். பக்கவாட்டில் போகும் ஆட்டோவுக்கு நூறு பிக்சல் இழுப்புத் தந்த அதே படத்தில், எதிரே வரும் பேருந்து ஏறக்குறைய கூர்மையாக நிற்க வேண்டும். ஒரே எண்ணை எல்லா வண்டிக்கும் தருகிற பழக்கம் இங்கேதான் பிடிபடுகிறது.

## காலத்தின் கணக்காக

1983-இல் கணினி வரைகலையில் இந்தக் கேள்வி வேறு வடிவில் கேட்கப்பட்டது. பொட்மெசிலும் சக்ரவர்த்தியும் ஒரு கட்டுரையிலும், கோரெய்னும் பாட்லரும் இன்னொன்றிலும், கணினி வரையும் படத்தில் இழுப்பைக் கொண்டுவரும் வழிகளை முன்வைத்தார்கள். மறு ஆண்டு குக், போர்ட்டர், கார்ப்பெண்டர் ஆகியோர், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் பல கணங்களைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் பொருள் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு, சராசரி எடுத்தார்கள். இப்படிப் பார்த்தால் மங்கல் என்பது படத்தின்மேல் பூசுவதல்ல. பொருள் எத்தனை நேரம் எங்கே இருந்தது என்பதன் கூட்டுத்தொகை அது.

ஒரே புகைப்படத்தில் ஒட்டுபவருக்கு முப்பரிமாண ஆட்டோ கையில் இருக்காது. ஆனாலும் இந்தப் பார்வையிலிருந்து ஓர் எளிய அளவுகோல் கிடைக்கிறது. பக்கவாட்டில் போகும் வண்டிக்கு லென்ஸும் தேவையில்லை, சென்சார் அளவும் தேவையில்லை. வண்டியின் நீளமே அளவுகோல்.

```
இழுப்பு (பிக்சல்) = படத்தில் வண்டியின் நீளம் × (வேகம் × ஷட்டர் நேரம்) ÷ வண்டியின் உண்மை நீளம்
```

எம்.ஜி. ரோட்டுப் படத்துக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். ஆட்டோவின் நீளம் சுமார் 2.64 மீட்டர். படத்தில் அது 1500 பிக்சல் நீளம் என்று வைப்போம். ஷட்டர் நேரம் 1/30 விநாடி. வேகம்? பெங்களூருவில் இந்த இடத்தில்தான் கை தவறும். டாம்டாம் நிறுவனத்தின் 2022 கணக்குப்படி, நகர மையத்தில் 10 கி.மீ. கடக்கச் சராசரியாக 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. அதாவது மணிக்கு 20 கி.மீ. அளவு. சிக்னலில் நின்ற நேரமும் சேர்ந்த சராசரி அது. ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோ 30 வரை போகலாம். மாலை நெரிசலில் 60 என்று வைப்பதற்கு வழியில்லை. 20 என்றே கொண்டால், விநாடிக்கு 5.56 மீட்டர், 1/30 விநாடியில் 18.5 செ.மீ. அது ஆட்டோவின் நீளத்தில் 7 விழுக்காடு. இழுப்பு 105 பிக்சல்.

இதே ஆட்டோ 1/250 விநாடியில் 13 பிக்சல்தான் இழுபடும். 1/8 விநாடியில் 400-ஐ நெருங்கும். ஒரு முழு விநாடி திறந்திருந்தால் ஆட்டோ தன் நீளத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. சாலையின் எந்தப் புள்ளியையும் அது பாதி நேரத்துக்கு மேல் மறைப்பதில்லை. அப்போது ஆட்டோ, பின்னாலிருக்கும் கடைப்பலகையைத் தன் ஊடே காட்டும் ஆவியாகிவிடும். அத்தகைய படத்தில் திடமான உடலோடு ஓர் ஆட்டோவை ஒட்டினால், எவ்வளவு மங்கல் தந்தும் பயனில்லை.

ஷட்டர் நேரம் கோப்பிலேயே இருந்தால் நல்லது. வாட்ஸ்அப் வழியே வந்த படத்தில் அது இருக்காது. அப்போது தெருவிலிருக்கும் மனிதர்களே கடிகாரம். சாதாரணமாக நடப்பவர் விநாடிக்கு 1.3 மீட்டர் அளவில் போகிறார். ஆட்டோவின் தூரத்திலேயே நடக்கும் ஒருவரின் உடல் 25 பிக்சல் இழுபட்டிருந்தால் ஷட்டர் 1/30-ஐ ஒட்டியது. சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாக இருந்தால் 1/250-ஐ ஒட்டியதோ அதைவிட வேகமானதோ. ஒருவரின் ஊன்றிய கால் கூர்மையாகவும், வீசி வரும் கால் கரைந்தும் இருக்கும் என்பதால் உடலின் நடுப்பகுதியை அளப்பதே நம்பகமானது. நடப்பவர்கள் கூர்மையாக இருக்கும் படத்தில் ஆட்டோவுக்கு 105 பிக்சல் தந்தால், அது மணிக்கு 160 கி.மீ.-க்கு மேல் போவதாக ஆகும். பார்ப்பவர் இந்த எண்ணைக் கணக்கிடமாட்டார். ஏதோ ஒட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் அதன் சீரான உலகம். வேகம் மாறாது, வண்டி குலுங்காது, சாலை தட்டையானது என்று அது எடுத்துக்கொள்கிறது. பெங்களூருச் சாலைகளின் ஹம்ப்புகளும் குழிகளும் அப்படி விடுவதில்லை. நீண்ட ஷட்டரில் எடுத்த இரவுப் படங்களில் பின்விளக்குக் கோடுகள் ஹம்ப்பின் மேல் ஒரு துள்ளல் துள்ளி இறங்குவதைப் பார்க்கலாம். சேர்த்த வண்டியின் விளக்கு மட்டும் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி போனால், பக்கத்திலுள்ள உண்மையான கோடுகளே அதைக் காட்டிக்கொடுக்கும்.

## அளவு சரியாகியும் பொருந்தாதபோது

எண்ணைச் சரியாகப் போட்ட பிறகும் ஒட்டிய வண்டி ஒட்டியதாகவே தெரிவது உண்டு. காரணம் பெரும்பாலும் விளிம்பு, ஒளி, பிரதிபலிப்பு ஆகிய மூன்றில் ஒன்று.

முதலில் விளிம்பு. 1500 பிக்சல் ஆட்டோ 105 பிக்சல் இழுபட்டால், மொத்தம் 1605 பிக்சல் பரவுகிறது. அதில் நடுவிலுள்ள 1395 பிக்சல் மட்டுமே பின்னணியை முழுமையாக மறைக்கும். இரு முனைகளிலும் 105 பிக்சல் நீளத்துக்கு மறைப்பு படிப்படியாக ஏறி இறங்குகிறது. அங்கே பின்னாலிருக்கும் கடைப்பலகை கூர்மையாக ஊடே தெரிய வேண்டும். வண்டியின் நிறத்தையும் அதன் மறைப்பு அளவையும் ஒன்றாக இழுத்தால் இது தானாக வரும். 1984-இல் போர்ட்டரும் டஃப்பும் வகுத்த ஒட்டுக்கணக்கு, நிறத்தை மறைப்போடு பெருக்கியே வைத்துக்கொள்வது இதற்கு ஏற்றதாக அமைந்தது. வெட்டிய எல்லையைக் கூர்மையாக வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் இழுப்பவர்களுக்கு, மங்கலான ஆட்டோ படம் போட்ட ஸ்டிக்கர்தான் கிடைக்கும். பின்னணியோடு சேர்த்து இழுத்துவிட்டு வெட்டினால், பழைய தெருவின் நிறம் ஓரத்தில் ஒளிவட்டமாக ஒட்டிக்கொண்டு வரும்.

ஆட்டோவில் இது இன்னும் நுணுக்கமானது, ஏனென்றால் அதற்குக் கதவில்லை. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஓட்டுநருக்கும் பின்சீட்டுக்கும் நடுவே மறுபக்கத் தெரு தெரிகிறது. அந்தத் திறப்பில் பழைய படத்தின் தெருவை வெட்டி எடுக்காமல் விட்டால், அதுவும் வண்டியோடு சேர்ந்து இழுபட்டுப் பயணம் செய்யும். சரியான படத்தில் அந்தத் திறப்பின் வழியே எம்.ஜி. ரோட்டுக் கடை அசையாமல் தெரிய வேண்டும். அதன்மேல் கம்பிகளும் சீட்டின் ஓரமும் சாயல்களாகக் கடந்து போயிருக்க வேண்டும். வண்டிக்கு முன்னால் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறதென்றால், அந்தக் கம்பத்தின் விளிம்பில் ஆட்டோவின் இழுப்பு கத்தரித்த மாதிரி நிற்க வேண்டும். கம்பம் அசையவில்லை. வண்டியின் அடிநிழலும் அப்படியே: முன்னும் பின்னும் கரைந்து, வண்டி ஓடும் திசைக்கு இணையான ஓரத்தில் கூடுதல் கரைவில்லாமல் இருக்கும்.

இரண்டாவது, ஒளி. படக்கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவோடு நேர்விகிதத்தில் இல்லை. வெள்ளைப் பேருந்தின் விளிம்பு கருப்புப் பின்னணியைச் சரிபாதி நேரம் மறைத்தால், கேமரா தரும் எண் 188-ஐ ஒட்டி இருக்கும். கோப்பின் எண்களை அப்படியே சராசரி எடுக்கும் மென்பொருள் 128 தரும். விளைவு, இருண்ட அழுக்கு விளிம்பு. படத்தை 32 பிட்டுக்கு மாற்றிய பின் இழுத்தால் இந்தக் குறை நீங்கும்.

முகப்பு விளக்குக்கு அதுவும் போதாது. நிற்கும் ஆட்டோவின் படத்தில் விளக்கு 255 என்று பதிந்திருக்கும். உண்மையில் அது வெள்ளைத்தாளைவிடப் பல மடங்கு வெளிச்சம், கேமரா 255-க்கு மேல் எண்ணவில்லை, அவ்வளவுதான். 10 பிக்சல் அகல விளக்கை 105 பிக்சலுக்கு இழுத்தால் வெளிச்சம் பத்தில் ஒன்றாகி, எரியும் விளக்கு சாம்பல் நிறக் கறையாகும். விளக்கு வெள்ளையைவிட ஐம்பது மடங்கு என்று முதலில் உயர்த்திவிட்டு இழுத்தால், பத்தில் ஒன்றான பிறகும் அது வெள்ளைக்கோடாகவே நிற்கும். 1997-இல் டெபெவெக்கும் மாலிக்கும் பல ஒளிபதிவுகளிலிருந்து உண்மையான ஒளி அளவை மீட்கும் முறையை வெளியிட்டபோது, அதன் பயன்களில் ஒன்றாகக் காட்டியது இதைத்தான்: மீட்ட ஒளியின்மேல் தந்த இழுப்பு உண்மையான இழுப்பைப் போலவே இருந்தது, சாதாரணப் படத்தின்மேல் தந்தது மந்தமாக இருந்தது. இரவுப் படத்தில் ஒட்டிய வண்டியை அடையாளம் காண, அதன் விளக்கைப் பார்ப்பதே விரைவான வழி.

மூன்றாவதை ஏறக்குறைய எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தட்டையான கண்ணாடி தன் தளத்திலேயே நகர்ந்தால், அதில் தெரியும் பிம்பம் நகராது. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். கண்ணாடியின் சட்டம் நகரும், உங்கள் முகம் நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கவாட்டில் போகும் பேருந்தின் ஜன்னல் கண்ணாடியும் அதுதான். உண்மையான படங்களில் ஜன்னல் சட்டங்கள் கரைந்திருக்க, கண்ணாடியில் தெரியும் எதிர்க்கட்டடம் ஓரளவு கூர்மையாக இருப்பதைக் காணலாம். கண்ணாடி முழுத் தட்டையல்ல, அதிர்கிறது என்பதால் சற்றே நெளியும். நின்ற பேருந்தின் படத்தை அப்படியே இழுத்தால் பிரதிபலிப்பும் சேர்ந்து இழுபடும். அதுவும் வேறொரு தெருவின் பிரதிபலிப்பு. இதைச் சரிசெய்ய ஜன்னல்களின் பழைய பிரதிபலிப்பை நீக்கி, சட்டத்தை மட்டும் இழுத்து, எம்.ஜி. ரோட்டின் இந்தப் பக்கத்துக் காட்சியை இழுக்காமல் மேலே சேர்க்க வேண்டும். பெரும்பாலான வேலைகளுக்கு இது மிகையான உழைப்பு என்றே தோன்றலாம். பெரிய அளவில் அச்சாகும் படத்தில், பேருந்து முன்னால் நிற்கையில், நான் இதைத் தவிர்க்கமாட்டேன்.

சக்கரத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாலையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது, உச்சி வண்டியைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகிறது. குறுகிய ஷட்டரில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நம் 1/30 விநாடிக் கணக்கில் ஆட்டோச் சக்கரம் 50 பாகை அளவு சுழன்றுவிடுவதால், முதலில் சுழற்றி மங்கலாக்கிப் பின் நேராக இழுத்தாலும் பெரிய பிழை தெரியாது.

## அதே தெருவில் எடுப்பது

கணக்கை நம்பாதவர்களின் பதில் பழமையானது, எளிமையானது: ட்ரைபாடை அசைக்காமல், அதே ஷட்டர் நேரத்தில், ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு படத்தில் கட்டடம் நன்றாக வந்திருக்கும், இன்னொன்றில் ஆட்டோ சரியான இடத்தில் கடந்திருக்கும். ஆட்டோவை மட்டும் மறைப்புத் தீட்டி எடுத்துக்கொள்ளலாம். இழுப்பு, விளிம்பு, நிழல், பிரதிபலிப்பு எல்லாம் தெருவே தந்துவிடுகிறது. பின்னணி இரு படத்திலும் ஒன்றே என்பதால் கரைந்த விளிம்பைத் தனியே வெட்ட வேண்டியதுகூட இல்லை.

தரத்தில் இதற்கு இணை இல்லை. ஆனால் வெளிச்சம் காத்திருக்காது. பெங்களூரு மாலையில் கால் மணி நேரத்தில் வானத்தின் நிறம் மாறிவிடும். முன்னமே எடுத்து முடித்த படத்துக்கு இந்த வழி பயன்படாது. பின்னொரு நாள் அதே நேரத்தில், அதே உயரத்தில், அதே லென்ஸோடு திரும்பிப் போகலாம். போகிறவர்கள் தெருவின் ஒழுங்கையும் கவனிக்க வேண்டும். நம் சாலைகளில் இடப்பக்கம் போக்குவரத்து. நடைபாதையில் நின்று சாலையைப் பார்த்தால், இருவழிச் சாலையில் அருகிலுள்ள வண்டி வலமிருந்து இடமாகப் போகும், தன் இடப்பக்கத்தை, பேருந்தானால் கதவுப் பக்கத்தைக் காட்டும். திசை ஒத்துவரவில்லை என்று படத்தைக் கண்ணாடி போலத் திருப்பினால், கதவு தவறான பக்கத்துக்குப் போவதோடு கன்னட எழுத்தும் இடவலம் மாறிவிடும். இழுப்பு அதை மறைத்துவிடும் என்று நம்புவது தவறு. பெங்களூரு ஆட்டோவின் பச்சை உடலும் மஞ்சள் கூரையும் எத்தனை பிக்சல் இழுத்தாலும் பச்சையும் மஞ்சளுமாகவே இருக்கும். சென்னையின் முழுமஞ்சள் ஆட்டோவை ஒட்டினால் ஊர்க்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

வேகமாகப் பல படங்களை எடுத்துச் சேர்த்து இழுப்பை உருவாக்குவோரும் உண்டு. படத்துக்கும் படத்துக்கும் இடையே ஷட்டர் மூடியிருக்கும் இடைவெளி, இழுப்பில் சீப்புப் பல் போன்ற வரிகளாக விழுகிறது. இடைவெளி மிகக் குறைவாக இருந்தால்தான் இது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

## சோதிப்பவரின் பக்கத்திலிருந்து

ஒட்டுபவருக்கு எது பொருத்தம் என்பதைத் தெரிந்துகொள்ள, ஒட்டைக் கண்டுபிடிப்பவர் எதைத் தேடுகிறார் என்று பார்ப்பதும் ஒரு வழி. செய்திப் படத்தில் வண்டியைச் சேர்ப்பதற்கே இடமில்லை. உலகச் செய்திப்படப் போட்டிகளும் செய்தி நிறுவனங்களும் அதைத் தடை செய்திருக்கின்றன. ஆகவே சோதனை முறைகளும் வளர்ந்தன. 2014-இல் சென்னை ஐஐடியின் ஏ.என். ராஜகோபாலனும் அவருடன் இணைந்த ஆய்வாளர்களும், மோஷன் பிளரைக் கொண்டே ஒட்டை வெளிப்படுத்தும் முறையை வெளியிட்டார்கள். அதன் அடிப்படை எளிது. படம் எடுக்கும்போது கை அசைந்தால், அந்த அசைவு படம் முழுவதிலும் ஒத்த வகையில் பதிகிறது. வேறு படத்திலிருந்து வந்த துண்டு அந்த அசைவோடு ஒத்துப்போகாது.

நம் கேள்விக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு திருத்தம். வண்டிக்கு அதன் சொந்த இழுப்பு மட்டும் போதாது. அந்தப் படத்தின் கை அசைவும் அதற்குப் பங்காக வேண்டும். தெருவிளக்குகள் எல்லாம் இடமிருந்து வலமாகச் சற்றே மேல்நோக்கி ஐந்து பிக்சல் கோடாகியிருந்தால், ஆட்டோவின் கூரைக்கோடும் அந்த ஐந்து பிக்சலைக் காட்ட வேண்டும். இன்னொன்று, இரைச்சல். சென்சாரின் மணல் போன்ற இரைச்சல் ஓடுவதில்லை. இழுத்த வண்டியில் அது கழுவப்பட்டு, சுற்றியுள்ள தெருவில் மட்டும் எஞ்சியிருந்தால், இழுப்பு எவ்வளவு சரியாக இருந்தும் வண்டி பிளாஸ்டிக் போலத் தெரியும். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக, இரைச்சலைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

வண்டி தன் போக்கில் ஓடும்போது, அதன் வேகம் இவ்வளவுதான் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது சோதிப்பவரின் தரப்பிலுள்ள வரம்பு. கை அசைவு ஒத்திருந்து, இழுப்பு நம்பத்தக்க வேகத்துக்குள் இருந்தால், இழுப்பை மட்டும் வைத்து ஒட்டை நிரூபிப்பது கடினம்.

## இன்னும் தீராதவை

இவ்வளவு துல்லியம் பார்ப்பவருக்குத் தேவையா? ஒளியின் திசை முரண்படுவதை மனிதக் கண் எளிதில் கவனிப்பதில்லை என்று பவன் சின்ஹா உள்ளிட்டோர் 2005-இல் காட்டினார்கள். இழுப்பிலும் அப்படியொரு தாராளம் இருக்கக்கூடும். 1980-இல் டேவிட் பர் காட்டியபடி, நகரும் பொருளின் இழுப்பை நம் கண் ஓரளவுக்கு அடக்கியே வைக்கிறது. தெருவில் நின்று நேரில் பார்க்கும்போது ஆட்டோ இப்படி இழுபட்டுத் தெரிவதில்லை. படத்திலுள்ள இழுப்பை நாம் வாசிக்கக் கற்றுக்கொண்டது படங்களிலிருந்துதான். அப்படியானால் பொருத்தம் என்பதில் இயற்பியலின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்பது இன்னும் பிரித்துச் சொல்லப்படாதது. என் கணிப்பில், கண் இழுப்பின் அளவை மன்னிக்கிறது, இரு மடங்குவரைகூட. விளிம்பில் ஊடே தெரியாத பின்னணியையும் சாம்பலாகிப்போன விளக்கையும் மன்னிப்பதில்லை. இருக்கிற நேரத்தை எண்ணைத் துல்லியமாக்குவதைவிட அந்த இரண்டில் செலவிடுவது நல்லது.

இன்னொரு திறந்த கேள்வி கைப்பேசியிலிருந்து வந்திருக்கிறது. இன்றைய கைப்பேசிகள் குறைந்த வெளிச்சத்தில் ஒரே படத்துக்காகப் பல குறும்பதிவுகளை எடுத்து, அசைந்த பகுதிகளில் சிலவற்றைக் கழித்துச் சேர்க்கின்றன. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட தொடர்பதிவு முறை இதற்கு ஒரு முன்னோடி. அப்படி எடுத்த படத்தில் தெருவின் சுவர் பல பதிவுகளின் கூட்டு. கடந்துபோன ஆட்டோ ஒன்றிரண்டு பதிவுகளின் மிச்சமாகவும் இருக்கலாம். கோப்பில் எழுதியிருக்கும் ஷட்டர் நேரம், ஆட்டோவுக்கு உண்மையில் கிடைத்த நேரமாக இருக்க வேண்டியதில்லை. மேலே போட்ட கணக்கின் அடிப்படை எண்ணே இங்கே ஆட்டம் காண்கிறது. ஒரே படத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு ஷட்டர் நேரம் என்றால், சேர்க்கும் வண்டிக்கு எந்த நேரத்தைத் தருவது? இப்போதைக்கு நம்பக்கூடியது, அதே படத்தில் அதே தூரத்தில் உண்மையாகவே நகர்ந்த ஏதோ ஒன்று, ஒரு நடப்பவர், ஒரு சைக்கிள், எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று அளப்பது மட்டுமே. அப்படி எதுவும் நகராத தெருவில் எதை அளப்பது என்பதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை.